தானமா வர்ற வாழைக்கன்னு

நேரா விஷயத்துக்கு வர்றேன். தெரிஞ்சவங்க வீட்டுல இருந்து வாழைக்கன்னு வாங்கிட்டுப் போய் நடாதீங்க. நீங்களும் யாருக்கும் தோண்டிக் குடுக்காதீங்க. இதைப் படிச்சதும் சிலருக்குக் கோபம் வரும். வாழைக்கன்னு குடுக்கறது புண்ணியம், "வாழையடி வாழையா" குடும்பம் தழைக்கும்னு சொல்லி வளந்தவங்க நாம. நானும் அப்படித்தான் வளந்தேன். ஆனா அந்த வழக்கம்தான் இன்னைக்கு ஒரு நோயைத் தெருத்தெருவா தூக்கிட்டுப் போவுது. அது எப்படின்னு முழுசா சொல்லிடறேன். அப்புறம் கோபப்படுங்க.

எங்க அனுமந்தை, மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கிழக்குக் கடற்கரைச் சாலையில இருக்குன்னு இங்க வழக்கமா படிக்கிறவங்களுக்குத் தெரியும். உப்பளம் பக்கத்து ஊரு. மல்லாட்டை, தர்பூசணி, சவுக்கு, நெல்லு, இதுதான் இங்க பொழப்பு. வாழைன்னு பார்த்தா கிணத்து மேட்டுலயும் வீட்டுக் கொல்லையிலயும் நாலு நாலு குத்து நிக்கும், அங்கங்க சிலபேர் சொட்டுநீர் போட்டு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வெச்சிருக்காங்க. ஆகவே இங்க கன்னு கடையில வாங்கற பழக்கம் குறைவு. அத்தை வீட்டுல இருந்து ஒண்ணு, சம்பந்தி வீட்டுல இருந்து ரெண்டு. நகரத்துல இருக்கற உங்களுக்கும் அதே வழிதான், ஊருக்கு வந்தா கார் டிக்கியில ரெண்டு கன்னு போட்டுக்கிட்டுப் போறீங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு எனக்கு போட்டோ அனுப்பறீங்க. "அண்ணே, வாழை இலை இப்படி ஈட்டி மாதிரி நேரா நிக்குதே, என்ன உரம் போடலாம்?"

அந்த போட்டோவுல இருக்கறதுக்குப் பேரு முடிக்கொத்து நோய். உரக்குறைன்னு நினைச்சு அனுப்பறாங்க. அது வைரஸ். உரம் போட்டாலும் போவாது, மருந்து அடிச்சாலும் போவாது. அந்தக் குத்து செத்துப்போன மாதிரிதான். அது சாகறதுக்குள்ள பக்கத்து வீட்டு வாழையையும் கூட்டிக்கிட்டுப் போவும்.

முதல்ல அடையாளம் சொல்றேன், ஏன்னா போட்டோ பார்த்து ஆளுக்கு ஒண்ணு சொல்றதுதான் பாதிக் குழப்பம். நல்ல வாழையில புதுசா வர்ற ஒவ்வொரு இலையும் முந்தின இலையை விட அகலமா, நீளமா விரிஞ்சு வெளிப்பக்கம் சாயும். முடிக்கொத்து வந்த வாழையில இது தலைகீழா நடக்கும். ஒவ்வொரு புது இலையும் முந்தினதை விட குறுகலா, குட்டையா, விறைப்பா மேல பார்த்து நிக்கும். ஓரம் மஞ்சளடிக்கும். கையில கசக்கினா நொறுங்கற மாதிரி உடையும். காம்புக்குக் காம்பு இடைவெளி இல்லாம எல்லா இலையும் உச்சியில கொத்தா சேர்ந்து நிக்கறதாலதான் அந்தப் பேரு.

ஆனா கொத்தா நிக்கறது கடைசிக் கட்டம். அதுக்கு முன்னாடியே ஒரு கையெழுத்து போட்டிருக்கும். இலையோட அடிப்பக்கத்தைத் திருப்புங்க. நடுநரம்பு மேலயும் காம்பு மேலயும் இருக்கற வெள்ளை மாவை விரலால துடைங்க. இலையைச் சூரியனுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, நடுநரம்புல இருந்து பிரியற சின்ன நரம்புகளைப் பாருங்க. கரும்பச்சை நிறத்துல புள்ளியும் கோடும் மாறி மாறி, அந்தக் காலத்துத் தந்தி ஆபீஸ் கட்டு-கடா கோடு மாதிரி இருக்கும். அந்தச் சின்ன நரம்பு நடுநரம்போட வந்து சேர்ற இடத்துல அந்தப் பச்சைக் கோடு தூண்டில் முள்ளு மாதிரி கீழ வளைஞ்சிருக்கும். இந்த வளைவும் புள்ளிக்கோடும் சேர்ந்து இருந்தா சந்தேகமே வேண்டாம்.

நீங்க அனுப்பற போட்டோவுல இது தெரியறதில்ல. மேல இருந்து நின்னு முழு மரத்தையும் எடுத்து அனுப்பறீங்க. அதுல குறுகல் இலை தெரியும், புள்ளிக்கோடு தெரியாது. குறுகல் இலைக்கு வேற காரணமும் உண்டு. எங்க பக்கம் போர் தண்ணி உப்பாயிடுச்சுன்னா வாழை வளராம குறுகி நிக்கும். ஆனா உப்புக் காயம் வயசான இலையில ஆரம்பிக்கும், ஓரத்துல இருந்து உள்ள பார்த்து கருகிட்டு வரும், நரம்புல புள்ளி இருக்காது. துத்தநாகம் பத்தாத மரத்துலயும் இளம் இலை குறுகும், இலையில வெளிறின பட்டை விழும், அதுலயும் கரும்பச்சைப் புள்ளி கிடையாது. பக்கத்துல யாராவது களைக்கொல்லி அடிச்சு காத்துல பட்டிருந்தா குருத்து முறுக்கிக்கிட்டு குறுகலா வரும், கொஞ்ச நாள்ல அடுத்தடுத்த இலை தேறிடும். முடிக்கொத்துல தேறவே தேறாது. ஆகவே முழு மரம் ஒரு போட்டோ, வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்ச இலை அடிப்பக்கம் ஒரு போட்டோ. ரெண்டும் இல்லாம பதில் சொல்றவனை நம்பாதீங்க, அது நானா இருந்தாலும் சரி. சில மரத்துல புள்ளி ரொம்ப லேசா இருக்கும். அப்ப கண்ணை நம்ப முடியாது. திருச்சியில இருக்கற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துல இலை மாதிரி வெச்சுப் பரிசோதனை பண்ணிச் சொல்றாங்க.

இப்ப மருந்து விக்கறவங்க கதைக்கு வர்றேன். வாட்ஸப் குழுவுல ஒருத்தர் போட்டோ போட்டதும் பத்து நிமிஷத்துல ஒரு பாட்டில் படம் வந்து விழும். "வைரஸ் கட்டுப்படும், ஏழு நாள்ல புது இலை." செடிக்குள்ள போயிட்ட இந்த வைரஸை எடுக்கற மருந்து உலகத்துல எங்கயும் கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்துல குருத்தோட நுனியில கண்ணுக்குத் தெரியாத அளவு துணுக்கை வெட்டி எடுத்து, கண்ணாடிக் குடுவையில வளர்த்து, பரிசோதிச்சு, அப்படித்தான் நோயில்லாத செடி உண்டாக்கறாங்க. கொல்லையில நிக்கற மரத்துக்கு அது நடக்காது. "ஏழு நாள்ல புது இலை" வரத்தான் செய்யும், வாழைன்னா இலை விட்டுக்கிட்டேதான் இருக்கும். அந்த இலையோட அகலத்தை அளந்து பாருங்க, பாட்டிலோட யோக்கியதை தெரியும்.

இயற்கை விவசாயம் பேசற நண்பர்கள் வேற ஒண்ணு சொல்றாங்க. மண்ணு உயிரோட இருந்தா நோய் அண்டாதுன்னு. எனக்கும் மண்ணு உயிரோட இருக்கணும், சாணமும் தழையும் நானும்தான் போடறேன். ஆனா இந்த வைரஸ் மண்ணு வழியா வர்றதில்ல. மண்ணை எத்தனை நல்லா வெச்சாலும், நோயோட வந்த கன்னுக்கு அது சாப்பாடு போடுமே தவிர வைத்தியம் பார்க்காது.

சரி, எப்படித்தான் பரவுது? ரெண்டே வழி. ஒண்ணு அசுவினி. வாழைக்கு உண்டான கரும்பழுப்பு நிறத்துப் பேன், கடுகை விடச் சின்னது. தண்டோட அடிமட்டைக்குள்ள, குருத்து விரியற கூம்புக்குள்ள, இளங்கன்னு மேல கூட்டமா இருக்கும். எறும்பு தண்டுல ஏறி இறங்கிக்கிட்டே இருந்தா உள்ள அசுவினி இருக்கான்னு மட்டையை விலக்கிப் பாருங்க, அதோட இனிப்புக் கழிவுக்குத்தான் எறும்பு வருது. நோய் மரத்துல சில மணி நேரம் சாறு உறிஞ்சின அசுவினி, அதுக்கப்புறம் ஆயுசு பூரா அதைச் சுமந்துக்கிட்டு திரியும். அது போட்ட குட்டிக்கு நோய் பிறவியிலயே வராது, அதுவும் நோய் மரத்துல உறிஞ்சினாத்தான் உண்டு. அரிவாள்ல பரவும்னு பயந்து இலை அறுக்கறதையே நிறுத்தினவங்க இருக்காங்க. இந்த வைரஸ் வெட்டுக்கத்தியில பரவறதில்ல, அந்தப் பயம் வேண்டாம். பழம் சாப்பிடறதாலயும் மனுஷனுக்கு ஒண்ணும் ஆவாது, அது செடியோட நோய்.

அசுவினி எவ்வளவு தூரம் கொண்டு போவும்? ஆஸ்திரேலியாவுல தோட்டந்தோட்டமா அளந்து பார்த்திருக்காங்க. புதுசா நோய் வந்த மரங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, பழைய நோய் மரத்துக்கு 20 மீட்டருக்குள்ளயே இருந்தது. 100க்கு 99 மரம் 86 மீட்டருக்குள்ள. அதாவது அசுவினியோட ராஜ்யம் ஒரு தெரு நீளம்தான். அனுமந்தையில இருக்கற நோயை அசுவினி சுமந்துக்கிட்டு தாம்பரத்துக்குப் போவாது.

தாம்பரத்துக்குக் கொண்டு போறது ரெண்டாவது வழி. நம்ம கார் டிக்கி.

நோய் வந்த தாய் மரத்தோட கிழங்குல வைரஸ் இருக்கும். அந்தக் கிழங்குல இருந்து கிளம்பற பக்கக்கன்னுக்கும் அது போய்ச் சேரும். வாழையடி வாழைன்னு நாம வாழ்த்தறோமே, அதே பாதையிலதான் நோயும் இறங்குது. இதுல பெரிய வஞ்சகம் என்னன்னா, அசுவினி கடிச்ச இலையில நோய் தெரியாது. வைரஸ் அந்த இலையில இருந்து தண்டு வழியா கீழ கிழங்குக்கு இறங்கி, அங்க இருந்து குருத்துக்கு ஏறி, அதுக்கப்புறம் உருவாகற இலையிலதான் அடையாளம் காட்டும். கடிச்சதுல இருந்து அடையாளம் தெரியறதுக்கு ஏறக்குறைய 25 நாள்ல இருந்து 85 நாள் வரைக்கும் ஆவலாம். அந்த இடைவெளியில தாய் மரம் பச்சைப்பசேல்னு நிக்கும். பழைய இலை எல்லாம் அகலமா இருக்கும். தார் கூட தொங்கும். நீங்க பார்த்து, தொட்டு, திருப்தியா, "நல்ல ஜாதி மரம்" னு சொல்லித்தான் கன்னு எடுப்பீங்க. உள்ள கிழங்குல வைரஸ் வந்து உக்காந்திருக்கும். கன்னு குடுக்கறவரும் ஏமாத்தறதில்ல, வாங்கறவரும் ஏமாறல. கண்ணுக்குத் தெரியற சமாச்சாரமே இல்ல அது.

ஒரு உதாரணம். என் சொந்தக்காரப் பையன் ஒருத்தன், சென்னைக்கு வெளிய புறநகர்ல வீடு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ல இந்தக் கரையில ஏறினப்ப அவன் வீட்டு வாழையும் சாய்ஞ்சு போச்சு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் உறவுக்காரங்க கொல்லையில இருந்து மூணு ஈட்டிக்கன்னு எடுத்துக்கிட்டுப் போனான். மாசியில நாலாவது இலை விரிஞ்சது, மூணாவதை விட குறுகல். உரம் பத்தலன்னு கடலைப் பிண்ணாக்கு கரைச்சு ஊத்தினான். அஞ்சாவது இலை இன்னும் குறுகல். ஒரு பாட்டில் வாங்கி அடிச்சான். பங்குனியில எனக்கு போட்டோ வந்தது. இலையைத் திருப்பிக் காட்டுடான்னேன். மூணுல ரெண்டு கன்னுல புள்ளிக்கோடு பளிச்சுனு. இலை வரும்போதே குறுகலா வந்ததால அது கன்னோடவே வந்த நோய்னு தெரிஞ்சது. நல்லா இருந்த கன்னுல அசுவினி ஏத்தினதா இருந்தா முதல்ல நாலஞ்சு இலை ஒழுங்கா வந்துட்டு, அப்புறம்தான் குறுகும். இதுக்குள்ள அவனோட மதில் ஓரமா நின்ன பக்கத்து வீட்டு வாழையிலயும் குருத்துப் பக்கத்து இலையில புள்ளி ஆரம்பிச்சிருந்தது. அந்த வீட்டம்மா பதினாறு வருஷமா வெச்சிருந்த குத்து அது. மூணு கன்னும் இலவசம். அந்த இலவசத்துக்கு அந்தம்மா விலை குடுத்தாங்க.

இது ஒரு தெருக் கதை. இதே கதை ஒரு மலை முழுக்க நடந்திருக்கு நம்ம மாநிலத்துல. பழனி பஞ்சாமிர்தத்துல போடற விருப்பாச்சி மலைவாழை எல்லாருக்கும் தெரியும். பழனி மலையோட கீழ்மலைப் பகுதியில ஒரு காலத்துல 18,000 ஹெக்டேர்ல இருந்த மலைவாழை, 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப் போனதுக்கு முக்கியமான காரணம் இந்த முடிக்கொத்துதான். சிறுமலை வாழைக்கும் இதே கதி. மலையில வாழையை வருஷா வருஷம் புதுசா நடறதில்ல, ஒரே குத்து பல வருஷம் நிக்கும். புது இடத்துக்குக் கன்னு வேணும்னா பழைய குத்துல இருந்துதான் எடுப்பாங்க. நோய் குத்துல இருந்து கன்னுக்கு, கன்னுல இருந்து புதுத் தோட்டத்துக்கு, அங்க அசுவினி பக்கத்து மரத்துக்கு. மலைவாழைக்காரங்க உரம் போடத் தெரியாதவங்க இல்ல. இயற்கைக்குப் பக்கத்துல அவங்களை விட யாரு வாழ்ந்தாங்க? இருந்தும் போச்சு.

"கன்னு பகிர்ந்துக்கிட்டாத்தானே நாட்டு ரகம் பிழைக்கும்?" னு கேக்கறவங்களுக்கு இதுதான் என் பதில். மலைவாழை நாட்டு ரகத்துலயே பேர் போன ரகம், புவிசார் குறியீடு வாங்கின ரகம். அது பகிராததால அழியல, சோதிக்காத கன்னைப் பகிர்ந்து பகிர்ந்துதான் அழிஞ்சது. அதை மறுபடி மலைக்குக் கொண்டு வர்றதுக்கு வேளாண் பல்கலைக்கழகம் என்ன பண்ணாங்க? நல்லா இருக்கற தாய் மரத்தைத் தேடி, வைரஸ் இருக்கான்னு பரிசோதிச்சு, குருத்து நுனியில இருந்து திசு வளர்ப்புல செடி எடுத்து, அதைக் குடுத்தாங்க. நாட்டு ரகத்தைக் காப்பாத்தற வேலைன்னா அதுதான். விதைத் திருவிழாவுல வாழைக்கன்னைக் குவிச்சு வெச்சு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்கன்னா அது ரகத்தைக் காப்பாத்தறது ஆவாது. நெல்லும் கத்திரியும் விதையா பகிருங்க, நானும் வர்றேன். வாழைக்கு விதை கிடையாது, நாம கையில குடுக்கறது தாயோட உடம்பையே வெட்டி. அதுல தாயோட நோயும் சேர்ந்து வரும்.

இதைத் தடுக்க முடியாதுன்னு சொல்றவங்க ஆஸ்திரேலியா கதையைத் தெரிஞ்சுக்கணும். அங்க 1913 வாக்குல ஃபிஜி தீவுல இருந்து வந்த கன்னோட இந்த நோய் நுழைஞ்சது. 1925க்குள்ள நியூ சவுத் வேல்ஸ் வடக்குப் பக்கம், குயின்ஸ்லாந்து தெற்குப் பக்கம் வாழைத் தோட்டத்துல 100க்கு 90க்கு மேல காலி. விவசாயி தோட்டத்தை விட்டுட்டு ஓடினான். அப்ப சார்லஸ் மேகின்னு ஒரு ஆராய்ச்சியாளர் உக்காந்து பார்த்து, இது வைரஸ், அசுவினி பரப்புது, கன்னு சுமக்குதுன்னு கண்டுபிடிச்சார். அவர்கிட்ட மருந்து இல்ல. இன்னைக்கும் இல்ல. அவங்க போட்டது சட்டம். எந்தத் தோட்டமானாலும் பதிவு பண்ணணும், ஆய்வாளர் வந்து பார்ப்பார், நோய் மரம் கண்டா உடனே அழிக்கணும், அனுமதி இல்லாம கன்னு நகரக் கூடாது. வீட்டுக் கொல்லை வாழைக்கும் அந்தச் சட்டம் உண்டு. அழிஞ்ச தொழில் திரும்ப எழுந்தது. நோய் அங்க இன்னும் அடியோட போவல, ஆனா நூறு வருஷமா அதே பகுதிக்குள்ள கட்டிப் போட்டிருக்காங்க. அவங்க பெரிய வாழைத் தோட்டம் எல்லாம் இருக்கற வடக்குக் குயின்ஸ்லாந்துக்குள்ள அது நுழையல.

நம்மகிட்ட சட்டம் இல்லையா? இருக்கு. இலங்கையில 1913லயே இருந்த நோய் அங்க இருந்து 1940ல கேரளாவுல கோட்டயம் பக்கம் வந்து சேர்ந்தது. 1959ல மத்திய அரசு அறிவிப்பு போட்டாங்க. தமிழ்நாடு, கேரளா, ஒரிசா, அஸ்ஸாம், மேற்கு வங்கம், இந்த மாநிலங்கள்ல இருந்து பழம் தவிர வாழையோட எந்தப் பாகமும், கன்னு, தண்டு எதுவும், வேற மாநிலத்துக்குப் போவக் கூடாது. காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு அலைபேசியில ஒரு தட்டு தட்டினா, "நாட்டு வாழைக்கன்று, இந்தியா முழுக்க அனுப்பப்படும்" னு பார்சல் வருது. யாரு கேக்கறா? இன்னொண்ணு, அந்தத் தடை மாநில எல்லைக்குத்தான். மாநிலத்துக்குள்ள ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போற கன்னை அது தொடாது. நோய் எல்லைக் கோடு பார்த்தா நடக்குது?

அரசாங்கத்தைத் திட்டறதுக்கு எனக்கு இங்க ஒரு நியாயம் இருக்கு. நோய் மரத்தைப் பிடுங்குன்னு விவசாயிக்குச் சொல்றீங்க. பிடுங்கினா அவனுக்கு அந்த வருஷத் தார் போச்சு. பக்கத்துத் தோட்டக்காரன் பிடுங்கலன்னா இவன் பிடுங்கினதும் வீண். அதனால ரெண்டு பேருமே பிடுங்கறதில்ல. அதுக்கும் மேல, தார் தள்ளாத தோட்டத்துல கன்னையாவது வித்துக் காசாக்கலாம்னு நினைப்பு வருது. அவனைக் கெட்டவன்னு சொல்ல மாட்டேன், கடன் அவன் கழுத்துல இருக்கு. ஆனா அந்தக் கன்னு எங்க போவுது? விலை கம்மியா எதிர்பார்க்கற உங்க வீட்டுக்கும் என் தோட்டத்துக்கும்தான். பிடுங்கற மரத்துக்கு ஈடா சோதிச்ச கன்னு ஒண்ணை இலவசமா குடுத்தா போதும், பாதிப் பேர் நாளைக்கே பிடுங்குவாங்க. ஊருக்கு ஊரு மேடை போட்டு விழிப்புணர்வு பேசற செலவை விட அது பெரிசா ஆவாது.

இனி என்ன பண்ணணும்னு சொல்லிடறேன். புள்ளிக்கோடு உறுதி ஆயிடுச்சுன்னா முதல்ல மரத்தை வெட்டாதீங்க. இதுதான் பலபேர் செய்யற காரியம், இதுதான் கெடுதல். வெட்டினதும் மரம் வாடும், அசுவினி பசியில கிளம்பி பக்கத்து வாழையைத் தேடிப் போவும். அதனால முதல்ல அசுவினியைக் கொல்லுங்க. வேளாண்மைத் துறை சொல்ற பூச்சிமருந்தோ, வீட்டுத் தோட்டம்னா சோப்புத் தண்ணியோ, குருத்துக் கூம்புக்குள்ள, அடிமட்டை இடுக்குக்குள்ள, சுத்தி நிக்கற எல்லாக் கன்னு மேலயும் நனைய ஊத்துங்க. சோப்புத் தண்ணி பட்ட அசுவினியைத்தான் கொல்லும், அதனால மட்டையை விலக்கி ஊத்தணும். மறுநாள் போய்ப் பாருங்க, உயிரோட இருந்தா திரும்ப ஊத்துங்க. அப்புறம் குத்தோட தோண்டுங்க. தாய் மரம் மட்டும் எடுத்துட்டு "இந்தக் கன்னு நல்லாத்தானே இருக்கு" ன்னு ஒண்ணை விட்டுடாதீங்க, கிழங்கு ஒண்ணுதான். கிழங்கைத் துண்டு துண்டா கொத்தி வெயில்ல காய விடுங்க. மண்ணுல ஒரு கண்ணு தங்கினாலும் அது முளைச்சு வரும், நோயோடவே வரும். அடுத்த மூணு மாசம் அந்த இடத்தையும், சுத்தி இருக்கற மத்த வாழையையும் வாரம் ஒருதரம் இலையைத் திருப்பிப் பாருங்க. மண்ணுல நோய் தங்காததால, முளைப்பு எதுவும் வரலன்னா அதே குழியில நல்ல கன்று வைக்கலாம்.

நல்ல கன்று எங்க கிடைக்கும்? பரிசோதிச்ச தாய் மரத்துல இருந்து எடுத்த திசு வளர்ப்புக் கன்று. இங்கயும் ஒரு எச்சரிக்கை. திசு வளர்ப்புன்னு பேர் இருந்தா மட்டும் போதாது. பரிசோதிக்காத தாய் மரத்துல இருந்து எடுத்தா, ஆய்வுக்கூடம் நோயை ஆயிரமா நகல் எடுத்துக் குடுத்துடும். 2006ல மத்திய அரசோட உயிரித்தொழில்நுட்பத் துறை திசு வளர்ப்புச் செடிக்குன்னே சான்று முறை கொண்டு வந்தாங்க, வாழைக்கான வைரஸ் பரிசோதனையும் அதுல உண்டு. வாங்கற இடத்துல "வைரஸ் பரிசோதனைச் சான்று இருக்கா" ன்னு கேளுங்க. "அதெல்லாம் எதுக்கு சார், செடி நல்லா இருக்கு பாருங்க" ன்னா அடுத்த கடைக்குப் போங்க. சான்றோட வந்த கன்றும் பக்கத்துல நோய் மரம் நின்னா தப்பிக்காது. 20 மீட்டர் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். அதனால உங்க மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கற வாழையையும் ஒருதடவை எட்டிப் பாருங்க, அந்த வீட்டுக்காரங்ககிட்ட தண்டல்காரன் மாதிரி இல்லாம தன்மையா சொல்லுங்க.

இதைப் படிச்சுட்டு என்கிட்ட வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. வாங்க, கிணத்து மேட்டுல உக்காந்து பேசலாம். தார் பழுத்திருந்தா சீப்பு சீப்பா எடுத்துக்கிட்டுப் போங்க, காசு கூட வேண்டாம். பூவும் தண்டும் சமைச்சுப் போடறோம், இங்கயே சாப்பிட்டுட்டுப் போங்க. கன்னு மட்டும் கேக்காதீங்க. குடுக்க மாட்டேன்.